டிபன் கடை திறக்க என்னென்ன வேண்டும்: நூறு பேருக்கான காலைக் கடையின் முழுக் கணக்கு

டிபன் கடை போட நினைப்பவர் முதலில் பாத்திரக் கடைக்குப் போகக் கூடாது. ஒரு தாளில் இரண்டு எண்களை எழுத வேண்டும். காலை முழுக்க எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்பது ஒன்று. கூட்டம் நெரிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்பது மற்றொன்று. அரிசி, உளுந்து, பருப்பு எவ்வளவு என்பதை முதல் எண் சொல்லும். கொப்பரை, தோசைக்கல், பர்னர், தட்டு எல்லாவற்றையும் இரண்டாவது எண்தான் தீர்மானிக்கும். இதைக் கலந்து குழப்பிக்கொள்பவர்கள்தான் பெரிய அண்டாவும் சின்னத் தோசைக்கல்லும் வாங்கிவிட்டு, எட்டு மணிக்கு ஆட்களைக் காக்க வைக்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஒரே ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் ஒரு தெரு. தள்ளுவண்டி, பக்கத்தில் ஒரு மேசை, ஆள் இரண்டு அல்லது மூன்று. காலை 6.30 முதல் 10.30 வரை வியாபாரம். மொத்தம் நூறு பேர். கம்பெனிகளில் ஷிப்ட் 8.30-க்குத் தொடங்குவதால், அதில் அறுபது பேர் 7.30-க்கும் 8.30-க்கும் நடுவில் வந்துவிடுவார்கள். இட்லி, தோசை, பொங்கல், மெதுவடை மட்டும். பூரியும் கிச்சடியும் இப்போது வேண்டாம். ஒவ்வொரு புது அயிட்டமும் ஒரு அடுப்பையும் ஒரு கையையும் கேட்கும்.

நூறு பேர் என்றால் எத்தனை இட்லி

நூறு பேரில் சுமார் அறுபது பேர் இட்லி வாங்குவார்கள், ஆளுக்கு மூன்று என்று 180. இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு தோசை சேர்த்துக்கொள்பவர்களையும் கணக்கில் எடுத்தால் தோசை 60. பொங்கல் 24 தட்டு. வடை 50. இது தொடக்கக் கணக்குதான். உங்கள் தெருவில் தோசை அதிகம் ஓடலாம், அது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

இனி இதை மாவாக மாற்ற வேண்டும். ஒரு இட்லிக்கு 48 கிராம் மாவு என்று வையுங்கள். 180 இட்லிக்கு 8.6 கிலோ. தோசைக்கு 90 கிராம், 60 தோசைக்கு 5.4 கிலோ. தோசை மாவைக் கரைக்கும்போது அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்ப்போம் என்பதால் கெட்டி மாவாகத் தேவைப்படுவது மொத்தம் 13.5 கிலோ.

ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து என்ற அளவில் ஆட்டினால் ஏறத்தாழ 2.7 கிலோ மாவு வரும். ஊறும்போது அரிசி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் குடிக்கும், உளுந்து இரண்டு மடங்காகும், ஆட்டும்போது மீதித் தண்ணீர் சேரும். ஆக, 5 கிலோ இட்லி அரிசி, 1.25 கிலோ உளுந்து. வெந்தயம் 40 கிராம். உப்பு 130 கிராமில் தொடங்கி உங்கள் கைக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். உளுந்து பழசாக இருந்தால் மாவு பொங்காது, அப்போது 1.5 கிலோ வரை போட வேண்டியிருக்கும். மூட்டையாக வாங்கும் முன் கால் கிலோவை ஊறவைத்து ஆட்டிப் பார்ப்பதே நல்லது.

கிரைண்டரும் மாவுப் பாத்திரமும்

இந்த அளவுக்குப் பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் போதும். ஆனால் ஐந்து கிலோ அரிசியை ஒரே தடவையில் போட முடியாது. ஊறிய அரிசியும் தண்ணீரும் சேர்ந்து ஒன்பது கிலோவுக்குப் பக்கம் வரும், விளிம்பு வரை நிரப்பினால் கல்லுக்கடியில் அரிசி சிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டரை கிலோவாக இரண்டு தடவை ஆட்டுங்கள். உளுந்து 1.25 கிலோவும் ஒரே தடவையில் ஆகும், ஆனால் பார்க்கும்போது இடம் காலியாக இருக்கிறதே என்று கூடுதலாகப் போடாதீர்கள். நன்றாக ஆட்டிய உளுந்து மாவு காற்று ஏறி ஏழு லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

முதலில் உளுந்து. தண்ணீரை ஒரே அடியாக ஊற்றாமல், முப்பது நிமிடத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஆட்ட வேண்டும். கோடைக்குக் குளிர்ந்த தண்ணீர். கல் சூடேறினால் மாவும் சூடேறும், அந்த மாவு இரவில் சீக்கிரம் புளித்துவிடும். பதம் பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீரில் சிறு உருண்டை மாவைப் போடுங்கள். மிதந்தால் எடுக்கலாம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். அரிசி மாவு நைசாக இருக்கக் கூடாது, விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருட வேண்டும். நைஸ் மாவில் இட்லி பிசுபிசுக்கும்.

கலந்த 13.5 கிலோ மாவும் பாத்திரத்தில் பதின்மூன்று லிட்டர் அளவு இருக்கும். பொங்கினால் இரண்டு மடங்கு. ஆகவே பதினைந்து லிட்டர் எவர்சில்வர் போசி இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் பாதிக்குக் கீழே ஊற்றுங்கள். பதினைந்து லிட்டர் போசி ஒன்றையே வாங்கி அதில் மொத்த மாவையும் ஊற்றினால் காலையில் தரை முழுக்க மாவுதான். இரண்டாக வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒன்றைக் கலக்காமல் முழுக்க இட்லிக்கு எடுக்கலாம், மற்றதில் இட்லிக்குக் குறைகிற இரண்டு கிலோ போக மீதியைத் தோசைக்குக் கரைத்துக்கொள்ளலாம். பொங்கிய மாவைக் கரண்டி போட்டு அடித்துக் கலக்கினால் உள்ளே இருக்கும் காற்று போய் இட்லி தட்டையாகும்.

மாவு பொங்க, வெயில் காலத்தில் ஆறேழு மணி நேரம், மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். காலை ஐந்தரைக்கு மாவு தயாராக வேண்டும் என்றால் சித்திரையில் இரவு பத்துக்கு ஆட்டி முடிப்பதே சரி, மார்கழியில் மாலை ஆறுக்கே முடித்துவிட வேண்டும். வருடம் முழுக்க ஒரே நேரத்தில் ஆட்டும் கடைகளில்தான் ஏப்ரலில் புளித்த இட்லியும் டிசம்பரில் கல் இட்லியும் கிடைக்கும். சோடா உப்பைப் போட்டு இதை மறைக்கப் பார்க்காதீர்கள். இட்லி மஞ்சளாகும், வாயில் ஒரு உவர்ப்பு நிற்கும், தினம் சாப்பிடுபவர் கண்டுபிடித்துவிடுவார்.

இட்லிக் கொப்பரை

நெருக்கடி மணி நேரத்தில் 180 இட்லியில் அறுபது சதவீதம், அதாவது 108 இட்லி போக வேண்டும். தட்டுக்குப் பன்னிரண்டு குழி, மூன்று தட்டு உள்ள கொப்பரையில் ஒரு ஈடுக்கு 36 வரும். வேக ஒன்பது பத்து நிமிடம், எடுத்து அடுத்த ஈடு ஊற்ற இரண்டு மூன்று நிமிடம். ஒரு ஈடுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் மணிக்கு ஐந்து ஈடு, 180 இட்லி. தேவைக்கு மேல் நல்ல இடைவெளி இருக்கிறது. பெரிய கொப்பரை தேவையே இல்லை. சின்ன ஈடாக அடிக்கடி எடுத்தால் எல்லோருக்கும் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும். தட்டு மட்டும் ஆறு வாங்குங்கள். மூன்று வெந்துகொண்டிருக்கும்போது அடுத்த மூன்றில் துணி போட்டுத் தயாராக வைக்கலாம்.

துணி இட்லிதான் ஊற்றுவதாக இருந்தால் மெல்லிய மல் துணியில் தட்டுக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு வெட்டி வையுங்கள். துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து விரிக்க வேண்டும். சொட்டச் சொட்ட விரித்தால் அடிப்பாகம் கூழாகும். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் மேல் கையளவு தண்ணீர் தெளித்து ஓர் ஓரத்திலிருந்து உரித்தால் தோல் கிழியாமல் வரும். அன்றாடம் வியாபாரம் முடிந்ததும் துணியைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்த துணியின் வாடை மறுநாள் முதல் ஈட்டிலேயே ஏறும்.

கொப்பரையில் தண்ணீர் கீழ்த்தட்டைத் தொடக் கூடாது, தொட்டால் அந்தத் தட்டு இட்லி மட்டும் நனைந்து வரும். மூன்று ஈடுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். அப்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்று போய் மறுபடி கிளம்ப ஐந்தாறு நிமிடம் ஆகும். அதுவும் எட்டு மணிக்கு. பக்கத்தில் ஒரு தூக்கில் கொதிநீர் இருக்கட்டும்.

தோசைக்கல்

அறுபது தோசையில் நெருக்கடி மணி நேரத்துக்கு 36. ஒரு தோசை வார்த்து, வெந்து, எடுத்து, கல்லைத் துடைக்க மூன்று நிமிடம். இரண்டு தோசை பிடிக்கும் கல்லில் மணிக்கு 40 எடுக்கலாம், ஆனால் இடையில் ஒரு முட்டைத் தோசையோ ஊத்தப்பமோ கேட்டால் கணக்கு உடைந்துவிடும். மூன்று தோசை பிடிக்கும் கல்லை வாங்குங்கள். இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், பத்து முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம்.

கனத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆறு மில்லிமீட்டர் தகடு சீக்கிரம் காயும், ஆனால் முதல் தோசை ஊற்றியதும் அதே வேகத்தில் ஆறிவிடும். அடுத்த தோசை வெளுத்துப் போய் ஒட்டும். தீயைக் கூட்டினால் பர்னருக்கு நேர் மேலே கருகும். கனமான கல் காய இருபது நிமிடத்துக்கு மேல் ஆனாலும் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த அளவுக் கல் இருபத்தைந்து கிலோவைத் தொடும், வண்டிச் சட்டம் அதைத் தாங்குமா என்று வெல்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கல்லுக்குக் கீழே வட்டப் பர்னர் ஒன்று மட்டும் இருந்தால் நடு மட்டும்தான் காயும். நீளவாக்கில் ஓடும் பைப் பர்னர் வேண்டும்.

புதுக் கல்லைப் பழக்க இரண்டு நாள் ஒதுக்குங்கள். பட்டறை எண்ணெய் போக ஒரே ஒரு முறை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, வடித்த கஞ்சியில் ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் துடைத்து, காயவைத்து, நல்லெண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி, லேசாகப் புகைய விட்டு ஆறவிட வேண்டும். இப்படி நான்கைந்து முறை. எண்ணெயைக் கெட்டியாக ஊற்றினால் பிசுக்குப் படலம் பிடிக்கும், அது தோசையோடு உரிந்து வரும். கடைசியில் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெய் தொட்டுத் தேய்த்து, முதல் நாலைந்து தோசையை வீசிவிடுங்கள். அதன் பிறகு இந்தக் கல்லில் சோப்புப் படக் கூடாது.

சூடு பார்க்க, தண்ணீர் தெளியுங்கள். தேங்கி நின்று மெதுவாகக் கொதித்தால் சூடு பற்றாது. முத்து முத்தாக ஓடினால் அதிகம், அப்போது மாவைச் சுழற்றவே விடாமல் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். தெளித்ததும் சுரீரென்று சத்தம் போட்டு உடனே காய்ந்தால் சரியான பதம். ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கிவிட்டு வார்க்கலாம்.

மற்ற பாத்திரங்கள்

சாம்பாருக்கு ஆளுக்கு 150 மில்லி என்று நூறு பேருக்குப் பதினைந்து லிட்டர். கொதிக்க இடம் விட்டு இருபது லிட்டர் அடிகனமான எவர்சில்வர் குண்டா. புளி சேர்வதால் அலுமினியம் வேண்டாம். பித்தளை இருந்தால் ஈயம் பூசியதாக இருக்க வேண்டும், பூச்சு தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டும். பொங்கலுக்குப் பத்து லிட்டர் அடிகனமான போசி, அதை உள்ளே வைக்கும் அளவுக்கு அகலமான இன்னொரு பாத்திரம். வெளிப் பாத்திரத்தில் வெந்நீர் இருந்தால் பொங்கல் கடைசி வரை சூடாகவும் இளகியும் இருக்கும். நேரே அடுப்பில் வைத்துச் சூடுபண்ணினால் அடி பிடித்து மொத்தமும் தீய்ந்த வாடை அடிக்கும்.

வடைக்குப் பதினான்கு அங்குல இரும்புச் சட்டி, ஒரு ஜல்லிக்கரண்டி, எண்ணெய் வடிய ஓட்டைத் தட்டு. சட்னிக்கு ஐந்து லிட்டர் மூடி போட்ட தூக்கு இரண்டு. சாம்பார் வாளி இரண்டு, ஒன்று ஓடும்போது ஒன்று நிரம்ப. குக்கர் ஐந்து லிட்டர் ஒன்று பருப்புக்கு. மிக்ஸி வீட்டு மிக்ஸி தாங்காது, இரண்டு லிட்டருக்கு மேல் ஜார் உள்ள கனமான மோட்டார் வேண்டும்.

கரண்டிகளை அளந்து வாங்குங்கள். இட்லிக்குக் குழியை முக்கால் பாகம் நிரப்பும் கரண்டி, தோசைக்கு 90 கிராம் எடுக்கும் தட்டை அடிக் கரண்டி, சாம்பாருக்கு 75 மில்லி கரண்டி, பொங்கலுக்கு 250 கிராம் அள்ளும் கிண்ணம். இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. பொங்கல் தட்டுக்கு 300 கிராம் போனால் 24 தட்டு வர வேண்டிய இடத்தில் 20-தான் வரும். போட்ட அரிசி எங்கே போனது என்று மாதக் கடைசியில் தேடினால் கிடைக்காது.

தட்டுக் கணக்கும் நெருக்கடி மணி நேரத்திலிருந்துதான். மணிக்கு அறுபது பேர், ஒருவர் நின்று சாப்பிட்டு முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் என்றால் ஒரே சமயத்தில் பன்னிரண்டு தட்டு கையில் இருக்கும். அதே அளவு கழுவும் தொட்டியில், கொஞ்சம் காய்ந்துகொண்டு. முப்பது தட்டு, முப்பது டம்ளர் போதும். தட்டின் மேல் வட்டமாக வெட்டிய வாழை இலை போட்டால் கழுவும் தண்ணீர் பாதியாகும். பார்சலுக்கும் இலையும் காகிதமும்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் கேரி பேக்கும் தடையில் இருக்கின்றன. சாம்பார் பார்சலுக்குப் பாத்திரம் கொண்டு வரச் சொல்லிப் பழக்கிவிடலாம், தினம் வருபவர்கள் கேட்பார்கள்.

குடிநீருக்கு இருபது லிட்டர் கேன் இரண்டு. கழுவவும் சமைக்கவும் நூறு லிட்டர் டிரம் ஒன்றும் மூன்று தொட்டியும். எச்சில் தண்ணீருக்கு மூடி போட்ட வாளி தனியாக வேண்டும். சாக்கடையில் இலையோடு கொட்டினால் வரும் முதல் சண்டை பக்கத்து வீட்டாரோடுதான்.

அடுப்பும் கேஸும்

வியாபாரம் தொடங்கியதும் ஒரே நேரத்தில் எரிவது மூன்று: கொப்பரை, தோசைக்கல், வடைச்சட்டி. வடை முடிந்ததும் அந்த அடுப்பு வெந்நீருக்கும் சாம்பார் சூட்டுக்கும் போகும். ஆக, தோசைக்கல்லுக்குப் பைப் பர்னர் ஒன்றும் ஹைபிரஷர் பர்னர் இரண்டும். நாலாவது அடுப்பு வேண்டாம், சமையல் வேலையை விடியுமுன் முடிக்கிற ஒழுங்கு இருந்தால் மூன்றே தாராளம்.

சிலிண்டர் 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டுக்கான 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி குற்றம், சோதனையில் பறிமுதல் செய்வார்கள். இந்தக் கடைக்கு நாளுக்குச் சுமார் மூன்று கிலோ கேஸ் ஆகும், ஒரு சிலிண்டர் ஆறு நாள் வரும் என்று கணக்கிட்டுத் தொடங்கலாம். உண்மைக் கணக்கைத் தராசுதான் சொல்லும். காலிச் சிலிண்டரின் எடை அதன் கழுத்து வளையத்தில் எழுதியிருக்கும். ஐம்பது கிலோ தொங்கு தராசு ஒன்று வாங்கி, முதல் வாரம் தினமும் கடை மூடியதும் சிலிண்டரை நிறுத்து எழுதுங்கள். மூன்று கிலோ என்பது நான்கரையாக ஏறினால், பர்னரில் கோளாறு, காற்றில் தீ அலைகிறது, அல்லது எங்கோ கசிகிறது. சிலிண்டர் இரண்டு வேண்டும். ஒன்று ஓடும்போது ஒன்று நிரம்பி இருக்க வேண்டும். எட்டு மணிக்குக் கேஸ் தீர்ந்தால் அன்றைய மாவு பாதி மிச்சம்.

ரெகுலேட்டரும் ஹோஸும் பழசு வாங்கவே கூடாது. ஹைபிரஷர் பர்னருக்கு ஹைபிரஷர் ரெகுலேட்டர், அதற்கேற்ற கம்பி வலை உள்ள ஐ.எஸ்.ஐ. ஹோஸ், இரு முனையிலும் கிளிப். இந்த ரெகுலேட்டரில் வீட்டு அடுப்பை மாட்டாதீர்கள், தீ ஒன்றரை அடி எழும்பும். ஹோஸ் தோசைக்கல்லுக்குக் கீழே போகாதபடி வளைத்து மாட்டுங்கள்.

வண்டி செய்யும்போதே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே தேங்கும். வண்டியின் அடிப்பெட்டியில் சிலிண்டரை வைத்து நாலு பக்கமும் தகடு அடித்து மூடினால், இரவில் கசிந்த கேஸ் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் காத்திருக்கும், விடியற்காலைத் தீக்குச்சி உரசும் வரை. சிலிண்டர் வண்டிக்கு வெளியே, அடுப்பிலிருந்து தள்ளி, நிமிர்ந்து நிற்பதே நல்லது. பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் அடியை ஒட்டி இரண்டு பக்கமும் பெரிய துளைகள் விடச் சொல்லுங்கள். மூடும்போது வால்வை மூடிவிட்டுப் போக வேண்டும். சிலிண்டர் மாற்றியதும் சோப்பு நுரையைத் தொட்டு இணைப்புகளில் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

கடைசிக் கேஸைப் பிடிக்கச் சிலிண்டரைச் சாய்த்துப் போடுவது, அடியில் வெந்நீர் ஊற்றுவது இரண்டும் சில கடைகளில் நடக்கிறது, இரண்டும் ஆபத்து. சாய்த்தால் கேஸுக்குப் பதில் திரவமே குழாயில் வந்து தீ பொங்கும். தீ பலமாக எரியும்போது சிலிண்டரின் வெளிப்பக்கம் வியர்ப்பது இயல்பு. ஆனால் உறைபனி பிடித்தால் மூன்று பர்னரும் அதன் சக்திக்கு மேல் இழுக்கின்றன என்று அர்த்தம், ஒரு தீயைக் குறையுங்கள்.

தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது, அல்லது பர்னருக்குள் மாவு சிந்தியிருக்கிறது. துவாரத்தைத் திறந்து, பர்னரைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். ஜெட்டில் குண்டூசி விட்டுக் குத்தினால் ஓட்டை பெருத்து, செலவும் மஞ்சள் தீயும் நிரந்தரமாகிவிடும். அடுப்பின் மூன்று பக்கமும் காற்று மறைப்புத் தகடு வைத்தால் தெருக் காற்றில் வீணாகும் தீ குறையும். பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூட வேண்டும். அந்த மூடி சட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஒரு நாள் சரக்கு

நூறு பேருக்கான அளவு இது:

- மாவு: இட்லி அரிசி 5 கிலோ, உளுந்து 1.25 கிலோ, வெந்தயம் 40 கிராம்
- பொங்கல்: பச்சரிசி 1 கிலோ, பாசிப்பருப்பு 250 கிராம், தண்ணீர் ஐந்தரை லிட்டர், நெய்யும் எண்ணெயுமாக 200 கிராம், மிளகு, சீரகம் தலா 15 கிராம்
- வடை: உளுந்து 1 கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, மிளகு, கறிவேப்பிலை
- சாம்பார்: துவரம்பருப்பு 700 கிராம், பாசிப்பருப்பு 300 கிராம், காய் 2 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, தக்காளி 1 கிலோ, புளி 150 கிராம், சாம்பார்ப் பொடி 150 கிராம்
- தேங்காய்ச் சட்னி 5 லிட்டர்: தேங்காய் 8, பொட்டுக்கடலை 600 கிராம், பச்சைமிளகாய்
- காரச் சட்னி 3 லிட்டர்: வெங்காயம், தக்காளி தலா ஒன்றரை கிலோ, வரமிளகாய்
- எண்ணெய்: வடைச்சட்டிக்கு 2 லிட்டர், தோசைக்கும் தாளிப்பதற்கும் 600 மில்லி

தேங்காய்ச் சட்னியை மொத்தமாக அரைக்காதீர்கள். காலை ஐந்தரைக்கு அரைத்தது ஒன்பது மணி வெயிலில் புளிக்கத் தொடங்கும். மூன்று லிட்டர் முதலில், இரண்டு லிட்டருக்கான பொருளை அரைக்காமல் வைத்து எட்டுக்குப் பிறகு. சட்னி நீர்க்க வேண்டியிருந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள்.

வடை மாவும் அப்படித்தான். இரவே ஆட்டி வைத்தால் காலையில் தளர்ந்து எண்ணெயைக் குடிக்கும். ஒரு மணி நேரம் ஊறிய உளுந்தை அதிகாலையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டி, உப்பை வடை தட்டும் முன் சேருங்கள். ஒரு கிலோ உளுந்தில் 45 கிராம் வடையாக ஐம்பது வரும், எண்ணெய் நானூறு மில்லி வரை குறையும். அரை லிட்டருக்கு மேல் குறைந்தால் மாவில் தண்ணீர் அதிகம் அல்லது எண்ணெய் சரியாகக் காயவில்லை. நுரை கட்டி, கறுத்து, காயும் முன்பே புகையும் எண்ணெயை மறுநாளுக்கு வைக்கக் கூடாது, சாம்பார் தாளிக்கவும் கூடாது.

நேரம் இப்படி ஓடும். நாலு மணிக்குப் பருப்பு ஒரு அடுப்பிலும் பொங்கல் ஒரு அடுப்பிலும் ஏறும். நாலே முக்காலுக்குச் சாம்பார் கொதிக்க, அந்த நேரத்தில் வடை மாவு ஆடும். ஐந்தரைக்குச் சட்னி, தாளிப்பு. ஐந்தே முக்காலுக்குத் தோசைக்கல்லுக்கும் கொப்பரைக்கும் தீ. ஆறே காலுக்கு முதல் ஈடு. அதில் ஒரு இட்லியைப் பிட்டுப் பார்த்து உப்பும் புளிப்பும் சரியா என்று தெரிந்துகொண்டுதான் இரண்டாவது ஈடு ஊற்ற வேண்டும்.

திறப்பு விழா நாளில் இந்த அளவில் அறுபது சதவீதம் மட்டும் போடுங்கள், அரிசி 3 கிலோ. சொந்தக்காரர் கூட்டத்தைப் பார்த்து அடுத்த நாள் அளவை ஏற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எது எவ்வளவு மிஞ்சியது, திங்களா சனியா. பொங்கல் ஒன்பதுக்கு முன்பே தீர்ந்தால் மறுநாள் கால் கிலோ அரிசி கூட்டலாம். மாவு மிஞ்சுவது நஷ்டம் இல்லை, குளிர்பெட்டியில் வைத்து மாலையில் தோசையோ பணியாரமோ போடலாம். பொங்கல், சட்னி, சாம்பார் மிஞ்சினால் அது குப்பை. ஆகவே அளவைக் கூட்டுவதாக இருந்தால் முதலில் மாவில் கூட்டுங்கள், பொங்கலில் கடைசியாக.

எழுத்து வேலையில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு, தள்ளுவண்டி என்றால் மாநகராட்சியின் தெருவோர வியாபாரிச் சான்று, கேஸ் ஏஜென்சியில் கடைப் பெயரில் வணிக இணைப்பு. மூன்றையும் பாத்திரம் வாங்கும் முன்பே தொடங்கிவிடுங்கள், இணைப்பு வர நாளாகும். பழசாக வாங்கக் கூடியவை தோசைக்கல், கொப்பரை, குண்டா. பழைய கல் பழகியிருக்கும். ஆனால் ஒரு நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கல் வளைந்திருக்கிறது, எண்ணெய் ஓரிடத்தில் தேங்கும். பழைய கிரைண்டரை ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கையோடு இரண்டு கிலோ ஊறிய அரிசி கொண்டு போய், அரை மணி நேரம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.